வாரம் இரண்டு பதிவுகள்: கடற்புல் ஆய்வாளருக்கு ஒரு திட்டம்

நாள் முழுதும் கடலிலும் ஆய்வுகூடத்திலும் நிற்கும் ஒரு கடல் உயிரியலாளரை எடுத்துக்கொள்வோம். அவருடைய துறை மன்னார்க் கடலின் கடற்புல் மட்டுமே. முகநூலில் எழுத விரும்புகிறார். முதல் வாரம் ஐந்து பதிவுகள் வரும், மூன்றாம் வாரம் ஒன்றுமிராது. நேரமில்லாததைவிட, 'கடற்புல் என்றால் என்ன' என்பதை எழுதிய பின் எழுத விடயம் தீர்ந்துபோவதே பெரும்பாலும் காரணம்.

இதற்கு ஒரு தாளில் கட்டம் போட்டுக்கொள்ளலாம். இடப்பக்கம் கீழ்நோக்கி ஆறு பெயர்கள்: கடற்புல், நீல நண்டு, கடலட்டை, இறால், கடற்குதிரை, ஆவுளியா. மேலே நான்கு கோணங்கள்: அதன் வாழ்க்கை, நம் தொழிலோடு அதன் தொடர்பு, மக்களின் தவறான எண்ணம், இந்த வாரம் நான் கண்டது. ஆறும் நான்கும் பெருக்க 24 கட்டங்கள். வாரம் இரண்டு என்றால் மூன்று மாதங்களுக்குப் போதும். சில கட்டங்கள் வெறுமையாகவே இருக்கும். வலிந்து நிரப்ப வேண்டாம்.

ஒரு கட்டத்தை நிரப்பிப் பார்ப்போம்: 'கடற்புல், தவறான எண்ணம்'. கீரிக் கரையில் வலையிலிருந்து நண்டு கழற்றும்போது சிக்கி வரும் பச்சை இலைகளைப் பலர் 'பாசி' என்பார்கள். பாசிக்கு உண்மையான வேரும் பூவும் இல்லை. கடற்புல் வேரூன்றி, பூத்து, விதை தரும் தாவரம். வேரோடு பிடுங்கிய ஒரு செடியின் படமும் நான்கு வரிகளும் போதும். "எங்கள் வலையில் வந்தது இதுதானா?" என்று ஒருவர் கேட்டால், அடுத்த பதிவின் தலைப்பு கிடைத்துவிட்டது. அந்தக் கேள்வியை அப்போதே தொலைபேசியில் குறித்து வைக்க வேண்டும், மாலையில் மறந்துபோகும்.

ஞாயிறு காலை முக்கால் மணிநேரத்தில் இரண்டு பதிவுகளையும் எழுதி, தன் முகநூல் பக்கத்தில் Meta Business Suite வழியாகச் செவ்வாய், வெள்ளி இரவுகளுக்கு நேரம் குறித்துவிடலாம். மறுநாள்களில் கால் மணிநேரம் வீதம் பதில்களுக்கு. ஆக வாரம் 75 நிமிடம். எழுதி முடித்த இரண்டு பதிவுகள் எப்போதும் கையிருப்பில் இருப்பது நல்லது. காய்ச்சல் வந்தாலும் களப்பயணம் நீண்டாலும் அவை காப்பாற்றும்.

ஆவுளியாவையோ கடற்குதிரையையோ கண்ட இடத்தை மட்டும் எழுதக்கூடாது. படத்தின் பின்னணியில் தெரியும் தோணித்துறையே இடத்தைக் காட்டிக்கொடுக்கும். பிடிக்க வருபவருக்கு அதைவிட வழிகாட்டி வேண்டாம்.

விருப்பக்குறிகளை எண்ணிக்கொண்டிருப்பதில் பயனில்லை. பதில் எழுதுபவர் யார் என்று பார்க்க வேண்டும். நான்கு வாரங்களாகச் சக ஆய்வாளர்கள் மட்டுமே பாராட்டினால் மொழி கடினமாகிவிட்டது என்று பொருள். அப்போது 'தொழில்' வரிசைக் கட்டங்களை முன்னே இழுத்து, நண்டு விலை பேசும் வாயிலேயே எழுதத் தொடங்கலாம்.