ஐந்து கை உயர்ந்தால் போதுமா?

டீயை ஊற்றிக்கொண்டு ஒரு கணக்குப் போடுவோம். சென்னைப் புறநகரில் உள்ள பன்னிரண்டு வீட்டு அடுக்குமாடி ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். ஏழு வீடுகள் 1,200 சதுர அடி, ஐந்து வீடுகள் 720 சதுர அடி. ஆக மொத்தம் 12,000 சதுர அடி. மாதப் பொதுச்செலவு 42,000 ரூபாய். இதை யார் எவ்வளவு கொடுப்பது என்பதில்தான் பொதுக்குழுவில் குரல் உயர்கிறது.

சின்ன வீட்டுக்காரர் சொல்கிறார்: "சதுர அடிக்கு மூன்றரை ரூபாய் போடுங்க. உங்க வீடு பெருசு, நீங்க கூடக் குடுக்கணும்." அப்படிப் போட்டால் பெரிய வீட்டுக்கு 4,200, சின்ன வீட்டுக்கு 2,520. பெரிய வீட்டுக்காரர் விடுவாரா? "வாட்ச்மேன் என் வீட்டுக்கு மட்டும் ரெண்டு தடவை கதவு திறக்கிறாரா? எல்லாரும் சமமாப் போடுங்க." இதன்படி வீட்டுக்கு 3,500. இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால், செலவு முழுவதும் ஒரே சாதி என்று இருவருமே எண்ணிக்கொள்கிறார்கள்.

செலவைப் பிரித்துப் பார்ப்போம். காவலாளி சம்பளம், மாடிப்படி பெருக்குவது, பொது விளக்கு, லிஃப்ட் பராமரிப்பு ஆகியவை வீடு பெரிதானால் கூடுவதில்லை. நம் கட்டடத்தில் இவை 30,000 ரூபாய் ஆகின்றன. வெளிச்சுவருக்கு வண்ணம் அடிப்பது, மொட்டைமாடி ஒழுகலை அடைப்பது, பெரிய ரிப்பேருக்கு ஒதுக்கிவைக்கும் நிதி ஆகியவை கட்டடத்தின் அளவைச் சார்ந்தவை. இவற்றுக்கு 12,000 ரூபாய். முதல் பகுதியைச் சமமாகப் பிரித்தால் வீட்டுக்கு 2,500. இரண்டாவது, சதுர அடிக்கு ஒரு ரூபாய். அப்போது பெரிய வீடு 3,700 கொடுக்கும், சின்ன வீடு 3,220 கொடுக்கும். இதைக் கலப்பு முறை என்று வைத்துக்கொள்வோம்.

ஆனால் கணக்கில் இறங்குவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. கிரயப் பத்திரத்தையும் சங்கத்தின் துணைவிதிகளையும் எடுத்துப் படிக்க வேண்டும். நிலத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ள பிரிக்கப்படாத பங்கு, அதாவது யு.டி.எஸ்., பத்திரத்தில் எழுதியிருக்கும். பராமரிப்புச் செலவை அந்த விகிதத்தில்தான் பகிர வேண்டும் என்று துணைவிதியில் இருந்தால், அதை முறைப்படி திருத்தாமல் ஒரு கூட்டத்தில் கை தூக்கி மாற்றிவிட முடியாது. அப்படி எதுவும் எழுதியில்லாத இடத்தில்தான் நம் மூன்று முறைகளும் வாக்குக்கு வரும்.

எல்லாரும் தவறாக நினைப்பது இங்கேதான். 'அதிகம் பேர் கை தூக்கியதுதான் பெரும்பான்மை' என்கிறோம். தெரிவு இரண்டாக இருக்கும்வரை அது சரி. மூன்றானதும் சரியாக வராது. சமப் பங்குக்கு ஐந்து கை, சதுர அடிக்கு நான்கு, கலப்பு முறைக்கு மூன்று என்று வைத்துக்கொள்வோம். செயலாளர் சமப் பங்கு வென்றதாக எழுதிவிடுவார். பன்னிரண்டில் ஏழு பேர் அதைக் கேட்கவில்லை என்பது குறிப்பேட்டில் தெரியாது. அடுத்த மாதம் நான்கு வீட்டுக்காரர்கள் பணம் கட்டாமல் இருக்கும்போதுதான் தெரியும்.

ஒவ்வொருவரிடமும் இரண்டாவது விருப்பத்தையும் கேட்டுப் பார்ப்போம். சதுர அடி கேட்ட நான்கு சின்ன வீட்டுக்காரர்களுக்குச் சமப் பங்கில் 3,500, கலப்பில் 3,220. ஆகவே கலப்பு அவர்களுக்கு இரண்டாவது. சமப் பங்கு கேட்ட ஐந்து பெரிய வீட்டுக்காரர்களுக்குச் சதுர அடியில் 4,200, கலப்பில் 3,700. அவர்களுக்கும் கலப்புதான் இரண்டாவது. இப்போது இரண்டு இரண்டாக மோதவிட்டால், கலப்பு சமப் பங்கை ஏழுக்கு ஐந்து என்று வெல்கிறது. சதுர அடி முறையை எட்டுக்கு நான்கு என்று வெல்கிறது. கை தூக்கியபோது கடைசியில் நின்ற முறை, நேருக்கு நேர் வந்த ஒவ்வொரு மோதலிலும் ஜெயிக்கிறது.

இந்தச் சோதனையைப் பிரெஞ்சு அறிஞர் கோந்தொர்செ 1785இலேயே எழுதிவைத்தார். சில சமயம் முதல் முறை இரண்டாவதை வெல்லும், இரண்டாவது மூன்றாவதை வெல்லும், மூன்றாவது திரும்பி முதலாவதை வெல்லும் என்பதையும் அவரே காட்டினார். அப்படிச் சுற்றிக்கொண்டால் இந்த வழி விடை தராது. அதற்கு என்ன செய்வது என்பதைக் கூட்டத்துக்கு முன்பே எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். வாக்குச்சீட்டில் 1, 2, 3 என்று வரிசை எழுதச் சொன்னால் போதும், இரண்டு இரண்டாக எண்ணப் பத்து நிமிடம்கூட ஆகாது.

அடுத்தது பார்க்கிங். தூண்களுக்கு இடையே ஸ்டில்ட்டில் ஒன்பது கார் நிற்கும், வீடுகளோ பன்னிரண்டு. "பில்டருக்குப் பணம் குடுத்தேன், இது என் இடம்" என்பார் ஒருவர். மகாராஷ்டிரத்தில் எழுந்த ஒரு வழக்கில், ஸ்டில்ட் பார்க்கிங்கைக் கட்டுநர் தனியாக விற்க முடியாது, அது பொது இடம் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. அது அந்த மாநிலச் சட்டத்தை வைத்துச் சொன்னது. 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் திறந்தவெளிப் பார்க்கிங்கைப் பொதுப் பகுதியில் சேர்த்திருக்கிறது. ஆகவே இங்கும் பத்திரம்தான் முதலில் வரவேண்டும். ஒருவருக்குப் பத்திரத்தின்படி உரிமை இருந்தால், பதினொரு பேர் சேர்ந்து வாக்களித்தாலும் அதைப் பிடுங்க முடியாது.

ஒன்பது இடமும் பொது என்று தெளிவானால் ஒரு வழி இருக்கிறது. நடக்க முடியாதவர் இருந்தால் அவருக்கு லிஃப்ட் பக்கத்து இடத்தை முதலில் ஒதுக்கிவிடுவோம். நம் கதையில் அப்படி ஒருவர் இல்லை. ஒவ்வொரு வீடும் ஓர் ஆண்டுக்கு மாத வாடகையாகத் தான் அதிகபட்சம் எவ்வளவு கொடுக்கத் தயார் என்று மூடிய சீட்டில் எழுதட்டும். ஒன்பது பெரிய தொகைக்காரர்களுக்கு இடம். ஆனால் அவர்கள் எழுதிய தொகையைக் கொடுக்க வேண்டாம். பத்தாவது சீட்டில் இருந்த தொகை, 400 என்று வைத்துக்கொள்வோம், அதுதான் எல்லாருக்கும் வாடகை. தான் எழுதியதையே கட்ட வேண்டும் என்றால் எல்லாரும் குறைத்து எழுதுவார்கள். இந்த விதியில் மனத்தில் உள்ளதை எழுதினால் நஷ்டமில்லை.

ஒன்பது நானூறு 3,600. அதைப் பன்னிரண்டு வீட்டுக்கும் பிரித்துப் பராமரிப்புத் தொகையில் கழித்தால் வீட்டுக்கு 300. இடம் கிடைத்தவர் கையிலிருந்து கூடுதலாகப் போவது 100 ரூபாய்தான். கார் இல்லாத சின்ன வீட்டுக்காரருக்குப் பராமரிப்பு 3,220இலிருந்து 2,920 ஆகிறது. அவர் விட்டுக்கொடுத்த இடத்துக்கு மாதம் 300 ரூபாய் வந்துவிடுகிறது. வருமான வித்தியாசம் அதிகமுள்ள கட்டடத்தில் இந்த முறை வசதி உள்ளவர் பக்கம் சாயும். அங்கே ஆண்டுக்கு ஒருமுறை குலுக்கல் போட்டு, போன முறை விடுபட்டவருக்கு அடுத்த முறை முதலில் கொடுக்கலாம்.

இரண்டிலும் எது சரி என்று தடுமாறினால், உங்கள் வீட்டைப் பக்கத்து வீட்டோடு மாற்றிக்கொண்டதாக நினைத்துக்கொண்டு கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். அப்போதும் அதே விதிக்குக் கை தூக்குவீர்கள் என்றால், அதைக் கூட்டத்தில் தைரியமாக முன்மொழியலாம்.