52 நாளில் பூத்த மக்காச்சோளம் 61 நாள் கேட்பது ஏன்?

விதைக் கடையில் மக்காச்சோளப் பையைக் கையில் எடுத்ததும் கேட்கிற முதல் கேள்வி, "இது எத்தனை நாள் பயிருங்க?" என்பதுதான். கடைக்காரரும் தயங்காமல் "நூறு நாள்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அதே பையைப் பீகாரின் பூர்ணியா பக்கம் கொண்டுபோய் நவம்பரில் விதைத்தால், அறுவடைக்கு ஐந்து மாதத்துக்கு மேல் ஆகும். அங்கேயே ஜூனில் விதைத்தால் நூறு நாளை ஒட்டி முடிந்துவிடும். விதையும் மண்ணும் ஒன்றுதான். நடுவில் வந்துபோன குளிர்தான் வேறு.

செடி நாளை எண்ணுவதில்லை; தனக்குக் கிடைத்த வெப்பத்தைத்தான் கணக்கு வைக்கிறது. ஒரு பருவத்தில் பழங்களும் தானியங்களும் முந்தி விளைவதும் இன்னொரு பருவத்தில் பிந்துவதும் ஏன் என்று பார்த்த ரியாமூர் என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர், 1735-இல் அன்றாட வெப்பநிலைகளைக் கூட்டிப் பார்க்கும் யோசனையை முன்வைத்தார். முளைத்ததிலிருந்து பூக்கும்வரை ஒரு பயிருக்கு வேண்டிய வெப்பத்தின் கூட்டுத்தொகை ஏறக்குறைய மாறாது, அந்தத் தொகை சேர எடுக்கும் நாள்தான் மாறும் என்பது அதன் சாரம். இன்றைய வேளாண் அறிவியல் இதையே சற்றுத் திருத்தி வைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு நாளில் பயிருக்குப் பயன்பட்ட வெப்பத்தை இந்தக் கட்டுரையில் வெப்ப அலகு என்று சொல்வோம்.

மக்காச்சோளத்துக்கு அதைக் கணக்கிடுவது எளிது. அன்றைய அதிகபட்ச வெப்பநிலையையும் குறைந்தபட்ச வெப்பநிலையையும் கூட்டி இரண்டால் வகுக்க வேண்டும். வருகிற சராசரியிலிருந்து 10-ஐக் கழித்தால் மிஞ்சுவதே அன்றைய அலகு. 10-ஐக் கழிப்பதற்குக் காரணம், 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே மக்காச்சோளம் வளர்வதே இல்லை என்று சொல்லும் அளவுக்கு மந்தமாகிவிடும் என்பது. மேலேயும் ஓர் எல்லை உண்டு. 30 டிகிரிக்கு மேல் வெயில் ஏறினாலும் பயிர் அதற்கேற்ப வேகமெடுப்பதில்லை. அதனால் வெயில் 35 அடித்தாலும் கணக்கில் 30 என்றே எழுதுவார்கள். அதேபோல் இரவு 10-க்குக் கீழே போனாலும் 10 என்றே எழுதுவார்கள்.

பூர்ணியாவின் ஜனவரி நாள் ஒன்றைப் பார்ப்போம். பகலில் 22, இரவில் 9 என்றால் 9-ஐ 10 ஆக்கிக்கொண்டு கூட்டினால் 32, பாதி 16, பத்தைக் கழித்தால் 6. அதே நாளில் பெரம்பலூரில் பகலில் 30, இரவில் 20 இருந்தால் கிடைப்பது 15. அங்கே இரண்டரை நாளில் சேருவது இங்கே ஒரே நாளில் சேர்ந்துவிடுகிறது.

இனி பெரம்பலூர் கரிசலில் கிணற்றுப் பாசனமுள்ள ஒரு வயலை வைத்துக்கொண்டு முழுக் கணக்கையும் போடலாம். எண்கள் கணக்கு புரிவதற்காக முழுமையாக்கப்பட்டவை. அந்த வட்டாரத்தின் வழக்கமான வெப்பநிலைக்கு நெருங்கியவை.

முதலில் ஆகஸ்ட் 5-இல் விதைத்த பயிர். ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் பகலில் 34, 35, இரவில் 25. பகலை 30 என்று எடுத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 17.5 அலகு. செப்டம்பர் 26-இல், அதாவது 52-ஆம் நாளில், வயலில் பாதிக்குமேல் செடிகளில் கதிர் பட்டு நூல் நீட்டிவிட்டது. அதுவரை சேர்ந்தது 52 பெருக்கல் 17.5, ஆக 910 அலகு. பிறகு அக்டோபரில் இரவு வெப்பம் 24-க்கு இறங்க, நாளுக்கு 17, நவம்பரில் 16. இப்படிக் கூட்டிக்கொண்டே போனால் நவம்பர் 9-இல் மணி முற்றியபோது தொகை 1,650-ஐத் தொட்டிருக்கும். அது 96-ஆம் நாள்.

இந்த இரண்டு எண்களையும், 910-ஐயும் 1,650-ஐயும், குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அந்த ரகம் அந்த வயலில் கேட்கிற வெப்பம் அவ்வளவு. வேறு ரகத்துக்கு வேறு எண்.

அதே ரகத்தை அடுத்து டிசம்பர் 1-இல் விதைக்கிறார்கள். நாளை எண்ணுகிறவர் 52 நாள் கூட்டி ஜனவரி 22-இல் பூக்கும் என்பார். வெப்பத்தைக் கூட்டிப் பார்க்கலாம். டிசம்பரில் பகலில் 29, இரவில் 21; நாளுக்கு 15. விதைத்த மறுநாளிலிருந்து மாத முடிவு வரை 30 நாளில் 450. ஜனவரியிலும் நாளுக்கு 15. இன்னும் வேண்டியது 460. அதற்கு 31 நாள். ஆகவே பட்டு நூல் வருவது ஜனவரி 31 வாக்கில், 61-ஆம் நாளில். பிப்ரவரியில் நாளுக்கு 15.5, மார்ச்சில் 16.5 என்று தொடர்ந்தால் 1,650 சேர்வது மார்ச் 19-இல், 108-ஆம் நாளில். பூப்பதில் 9 நாளும் முற்றுவதில் 12 நாளும் பிந்துகிறது.

ஒன்பது நாள் பெரிய விஷயமா? மக்காச்சோளத்தில் பெரிய விஷயம்தான். கதிரில் உள்ள ஒவ்வொரு மணிக்கும் தனித்தனியாக ஒரு பட்டு நூல் உண்டு. உச்சியில் உள்ள ஆண் பூவிலிருந்து உதிரும் மகரந்தம் அந்த நூலில் ஒட்டினால்தான் அந்த மணி பிடிக்கும். அடிப்பக்கத்து மணிகளின் நூல் முதலில் வெளியே வரும், நுனிப்பக்கத்து நூல் கடைசியில் வரும். அந்த வாரத்தில் தண்ணீர் குறைந்தால் நுனி நூல் வருவதற்குள் மகரந்தம் தீர்ந்துபோய், கதிரின் நுனி பொக்கையாகிவிடும். கிணற்றில் இருக்கிற தண்ணீரை எந்த வாரத்துக்கு ஒதுக்கி வைப்பது என்பது, பூக்கும் தேதி சரியாகத் தெரிந்தால்தான் முடிவாகும். ஜனவரி 22-ஐ நம்பித் தண்ணீரைக் கொட்டியவர், 31-ஆம் தேதி கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

உரமும் இப்படித்தான். பாசன மக்காச்சோளத்துக்கு 25-ஆம் நாளும் 45-ஆம் நாளும் மேலுரம் என்பது இங்கே வழக்கமான பரிந்துரை. அமெரிக்க மக்காச்சோள வட்டாரத்தில் பார்த்த கணக்குப்படி, முளை மண்ணைவிட்டு வெளியே வர ஏறத்தாழ 65 அலகும், அதன்பின் பத்தாம் இலை வரை இலைக்கு 45 அலகு வாக்கிலும் ஆகும். ஆகஸ்ட் பயிர் 25-ஆம் நாளில் 437 அலகோடு எட்டு இலையில் நிற்கும். டிசம்பர் பயிர் 375 அலகோடு ஏழாம் இலையைக்கூட முழுதாக விரித்திருக்காது. இலையை எண்ணுவதற்கு ஒரு முறை இருக்கிறது: இலைத்தாள் தண்டைவிட்டு விலகும் இடத்தில் வெளிறிய கழுத்துபோல் ஒரு கோடு தெரியும், அந்தக் கழுத்து தெரிகிற இலையை மட்டுமே எண்ண வேண்டும், நடுவில் சுருண்டு நிற்பதைச் சேர்க்கக்கூடாது. நுனி உருண்டையாக இருப்பது முதல் இலை. அங்கிருந்து மேலே எண்ணிக்கொண்டு போகலாம்.

இந்த இலைக் கணக்கு இன்னொரு வகையிலும் உதவும். தொகை எட்டு இலை என்று சொல்ல, வயலில் ஆறுதான் நிற்கிறது என்றால், எங்கோ கோளாறு. விதைத்த நாளைக் கணக்கில் வைத்து, தண்ணீர் பாய்ச்சியது நாலு நாள் கழித்து என்றால், எண்ணிக்கை பாய்ச்சிய நாளிலிருந்துதான் தொடங்க வேண்டும். காய்ந்த மண்ணில் கிடக்கிற விதைக்கு வெப்பம் பயன்படாது. வளர்முனை மண்ணுக்குள்ளேயே இருக்கிற முதல் சில வாரங்களில் காற்றின் வெப்பத்தைவிட மண்ணின் வெப்பமே பயிரை நடத்துகிறது என்பதாலும் வித்தியாசம் வரலாம்.

பெரும்பாலும் தவறு வெப்பமானியில்தான். தகரக் கூரைக்கு அடியிலும் வெயில் படுகிற சுவரிலும் மாட்டியது கூடுதலாகவே காட்டும். தரையிலிருந்து நாலைந்து அடி உயரத்தில், நிழலில், காற்றோட்டமுள்ள இடத்தில் இருக்க வேண்டும். நாள் சராசரியில் ஒரு டிகிரி பிசகு இருந்து அது 60 நாள் நீடித்தால் 60 அலகு. தேதியில் நாலு நாள் தள்ளிப்போகும். இதற்கு மாறாக, பத்து நாள் மேகமூட்டம் வந்து நாளுக்கு ஓர் அலகு குறைந்தாலும் மொத்தம் 10 அலகுதான் போகும், ஒரு நாள்கூட ஆகாது. வானிலையின் ஏற்ற இறக்கத்தைவிடக் கருவியின் நிரந்தரக் கோளாறுதான் கணக்கைக் கெடுக்கும். போன பருவத்துக்கும் இந்தப் பருவத்துக்கும் ஒரே கருவியை ஒரே இடத்தில் வைத்துப் பார்த்தால் அந்தக் கோளாறும் பெரும்பகுதி அடிபட்டுப்போகும். எதிர்வரும் நாள்களின் வெப்பம் தெரியாதே என்றால், அந்த மாதத்தின் வழக்கமான அளவைப் போட்டு ஒரு தேதியைக் குறித்துவிட்டு, வாரம் ஒருமுறை உண்மையான அளவைச் சேர்த்துத் திருத்திக்கொண்டே வருவார்கள். பூ நெருங்க நெருங்கத் தேதி உறுதிப்படும்.

கடும் வறட்சி வந்தால் மட்டும் இந்தக் கணக்கை நம்ப முடியாது. ஆண் பூ ஏறக்குறைய சொன்ன நாளில் வந்துவிடும். பட்டு நூல் பின்தங்கும். உச்சியில் மகரந்தம் கொட்டிக்கொண்டிருக்க, கதிரில் நூல் வெளியே தெரியவில்லை என்றால் அது தண்ணீர்க் குறை. கூட்டலில் பிழை தேட வேண்டாம்.

முற்றியதைச் சரிபார்க்கக் கதிரின் நடுவிலிருந்து ஒரு மணியைப் பிடுங்கி, தக்கையோடு ஒட்டியிருந்த முனையை நகத்தால் சுரண்டிப் பார்க்க வேண்டும். கறுப்பாக ஒரு படலம் தெரிந்தால் மணிக்குள் இனிச் சத்து இறங்காது. நம் கணக்கின் 1,650 அந்த நாளைத்தான் குறிக்கிறது. அப்போதும் மணியில் நூற்றுக்கு 30 பங்குக்குக் குறையாத ஈரம் இருக்கும். சேமித்து வைக்க 14-க்கு இறங்க வேண்டும். ஆகவே ஆளையும் இயந்திரத்தையும் மார்ச் 19-க்கே சொல்லிவைப்பது வீண்.

மற்றப் பயிர்களுக்கும் இதே முறைதான், கழிக்கிற எண் மட்டும் மாறும். பருத்திக்குச் சுமார் 15.5, கோதுமைக்குப் பல இடங்களில் சுழியே. நெல்லுக்கு 10 வாக்கில் எடுத்துக்கொண்டு குறுகிய கால ரகங்களுக்கு ஓரளவு நன்றாகவே தேதி சொல்லலாம். ஆனால் பழைய சம்பா ரகங்கள் பலவற்றில் இது எடுபடாது. அவை பகல்பொழுது குறுகுவதைப் பார்த்துத்தான் கதிர் கட்டத் தொடங்கும். ஆடியில் விதைத்தாலும் ஆவணியில் விதைத்தாலும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் பூக்கும். முந்தி விதைத்தது அதிக வெப்பத்தைச் சேர்த்திருக்கும், அவ்வளவே. அவற்றுக்குப் பகலின் நீளத்தையும் சேர்த்து வேறு கணக்குப் போட வேண்டும்.