கோட்டைவிட்ட கேட்சின் கணக்கு

அண்ணன் மகன் டீயைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பந்து மேட்ச் ஒன்றில் லாங் ஆனில் நின்றவன், கைக்கு வந்த கேட்சை விட்டுவிட்டான். யாரோ அதைப் படம் எடுத்திருக்கிறார்கள். பந்து கையிலிருந்து நழுவும் நொடியை மட்டும் வெட்டி ஸ்டிக்கராக்கி, ‘ஓட்டைக்கை’ என்று எழுதி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். யார் என்ன சொன்னாலும் இப்போது பதிலுக்கு அந்த ஸ்டிக்கர்தான் வருகிறதாம். “அன்னிக்கு நான் ரெண்டு விக்கெட் எடுத்தேன் சித்தப்பா. அத ஒருத்தனும் சொல்லல” என்றான்.

அவனுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்.

டக் அவுட் கேலியும் கேட்ச் கேலியும் ஒரே இனம் போலத் தெரியும். அவை வேறு வேறு. பரீட்சையில் சைபர் வாங்கினால் முட்டை வாங்கினான் என்கிறோம் அல்லவா? இங்கிலாந்துக்காரர்களும் சைபரில் முட்டையைத்தான் பார்த்தார்கள், ஆனால் வாத்து முட்டை. நாளடைவில் முட்டை உதிர்ந்து வாத்து மட்டும் நின்றது. அதுதான் டக். ஒரு டக் ஸ்கோர் புத்தகத்தில் ஏறிவிடும், யாரும் மறுக்க முடியாது. அதனால் அந்தக் கேலி வளர அது திரும்பத் திரும்ப நடக்க வேண்டும். அஜித் அகர்கர் 1999-2000 ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் டெஸ்ட்களில் அடுத்தடுத்து ஐந்து இன்னிங்ஸ் சைபர். 2001-இல் அதே ஆஸ்திரேலியா மும்பைக்கு வந்தபோது மேலும் இரண்டு. ஏழு முட்டை. ஊர் மும்பை என்பதால், அங்கே கருவாடாகக் காயும் ஒரு மீனின் ஆங்கிலப் பெயரையே அவருக்கு வைத்தார்கள்: ‘பாம்பே டக்’. அடுத்த ஆண்டே லார்ட்ஸில் 109 ரன் அடித்து ஆட்டமிழக்காமல் நின்றார். சச்சின் ஒரு டெஸ்ட் சதம்கூட அடிக்காத மைதானம் அது. ஆனாலும் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. இருந்தாலும் அந்தக் கேலிக்கு அடியில் ஏழு என்ற கணக்காவது உண்டு.

கேட்ச் அப்படியில்லை. விட்ட கேட்சுக்கு ஸ்கோர் அட்டையில் இடமே கிடையாது. யார் விட்டார், அதனால் எத்தனை ரன் போனது என்று அட்டை சொல்லாது. அந்த இடத்தைப் படம் நிரப்பிக்கொள்கிறது. படத்தில் கணக்கு இல்லை, முகம்தான் இருக்கிறது.

2022 செப்டம்பர் 4, துபாய். ஆசியக் கோப்பை சூப்பர் ஃபோரில் இந்தியாவும் பாகிஸ்தானும். இந்தியா 181. பாகிஸ்தானுக்குக் கடைசி மூன்று ஓவரில் 34 ரன் தேவை. பதினெட்டாவது ஓவரை ரவி பிஷ்னோய் வீசுகிறார். அப்போதுதான் களத்துக்கு வந்திருந்த ஆசிப் அலி தூக்கி அடிக்கப் பார்க்க, பந்து மேல் விளிம்பில் பட்டு ஷார்ட் தேர்டில் நின்ற அர்ஷ்தீப் சிங்கிடம் போகிறது. கடினமான கேட்ச் இல்லை. பிடித்திருக்க வேண்டியது. கையில் பட்டு விழுந்தது. கேப்டன் ரோஹித் கத்தியதையும் கேமரா பிடித்தது. ஒரு நழுவல், ஒரு கோபம், சேர்ந்து சில நொடி. இதற்கு மேல் விளக்கம் வேண்டாத படம். அதனால்தான் அது வேகமாகப் பரவும்.

இப்போது படத்தை ஓரமாக வைத்துவிட்டு ஓவர்களைப் பார்ப்போம். பிஷ்னோயின் அந்த ஓவர் முடிந்தபோது 12 பந்தில் 26 ரன் தேவை. இந்தியாவின் கையில்தான் ஆட்டம் இருந்தது என்று சொல்லலாம். பத்தொன்பதாவது ஓவர் புவனேஷ்வர் குமாருக்கு. அணியிலேயே அனுபவம் மிகுந்த வேகப்பந்து வீச்சாளர். அந்த ஒரே ஓவரில் 19 ரன் போனது. கடைசி ஓவரில் ஏழு ரன்னைக் காக்க வேண்டிய பொறுப்பு யாருக்கு வந்தது தெரியுமா? கேட்சை விட்ட அதே அர்ஷ்தீப்புக்கு. 23 வயது. நாலாவது பந்தில் ஆசிப் அலியையே எல்பிடபிள்யூ ஆக்கினார். ஐந்தாவது பந்தில் இரண்டு ரன் ஓடி, ஒரு பந்து மிச்சம் வைத்து பாகிஸ்தான் ஜெயித்தது.

ஆசிப் அலி அன்று எடுத்தது மொத்தமே 8 பந்தில் 16. கேட்சைப் பிடித்திருந்தால் அவ்வளவும் மிச்சம் என்று சொல்லிவிட முடியாது. அடுத்து வருபவரும் ஏதாவது அடித்திருப்பார். விக்கெட் விழுந்த பதற்றத்தில் எதிரே நின்றவர் தடுமாறியும் இருக்கலாம். துல்லியமாக யாராலும் சொல்ல முடியாது. ஆனால் இவ்வளவு சொல்லலாம்: அந்தக் கேட்ச் தோல்விக்கு ஒரு காரணம், ஒரே காரணம் இல்லை. பத்தொன்பதாவது ஓவரும் அதே அளவுக்குக் காரணம். அந்த ஆறு பந்தும் கேட்ச் அளவுக்குக் கேலிப் படமாகச் சுற்றவில்லை. சுற்றவிட அதில் ஒற்றை நொடி இல்லை.

அடுத்து நடந்ததுதான் என்னை இன்றும் உறுத்துகிறது. கேலி கையிலிருந்து ஆளுக்குத் தாவியது, ஆளிலிருந்து அவர் தலைப்பாகைக்கு. சீக்கியர் என்பதாலேயே அவரைப் பிரிவினைவாதி என்று எழுதினார்கள். விக்கிப்பீடியாவில் அவரைப் பற்றிய பக்கத்தில் இந்தியா என்ற இடத்தில் காலிஸ்தான் என்று மாற்றினார்கள். சீக்கிரமே அது சரிசெய்யப்பட்டது, ஆனால் படம் எடுத்தவர்கள் எடுத்துவிட்டிருந்தார்கள். மத்திய அரசு விக்கிப்பீடியாவிடம் விளக்கம் கேட்கும் அளவுக்குப் போனது. அதற்கு முந்தைய ஆண்டு அதே துபாயில் பாகிஸ்தானிடம் பத்து விக்கெட்டில் தோற்றபோது, பந்து வீசிய எல்லோரையும் விட்டுவிட்டு முகமது ஷமியின் மதத்தைப் பிடித்துக்கொண்டார்கள். கேலி எங்கே வேறொன்றாக மாறுகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அந்த வாக்கியத்திலிருந்து பந்தையும் மட்டையையும் எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். அப்போதும் அது முழுசாக நிற்கிறது என்றால், அதற்கும் கிரிக்கெட்டுக்கும் சம்பந்தமில்லை.

அன்றிரவு விராட் கோலி பேசியது எனக்குப் பிடித்திருந்தது. அழுத்தத்தில் யாரும் தவறு செய்யலாம் என்பதோடு நிறுத்தவில்லை. சாம்பியன்ஸ் டிராபியில் பாகிஸ்தானுக்கு எதிராக அஃப்ரிடி பந்தில் மோசமாக அடித்து அவுட்டான பிறகு, விடியற்காலை ஐந்து மணிவரை கூரையைப் பார்த்தபடி படுத்திருந்ததைச் சொன்னார். இனி தனக்கு ஆட்டமே இல்லை என்று நினைத்தாராம்.

ஏழு வாரம் கழித்து, அக்டோபர் 23, மெல்போர்ன். டி20 உலகக் கோப்பை, மறுபடி பாகிஸ்தான். அர்ஷ்தீப் வீசிய முதல் பந்திலேயே கேப்டன் பாபர் ஆசம் எல்பிடபிள்யூ, சைபர். பிறகு ரிஸ்வானையும் ஆசிப் அலியையும்கூட அவரே எடுத்தார். அன்று கேலிக்கு ஆளானது பாபரின் முட்டை. சுற்றவிட்ட கையெல்லாம் பழைய கைதான், படத்தில் இருந்த முகம்தான் வேறு.

இதைக் கேட்டதும் அண்ணன் மகன் கேட்டான், “அப்ப நம்ம கணக்கையும் போடலாமா?” ஸ்கோர் எழுதிய பையனுக்குப் போன் போட்டான். கேட்ச் தப்பிய ஆள் அதற்குப் பிறகு ஒரு பவுண்டரி, ஒரு சிங்கிள் அடித்துவிட்டு அடுத்த ஓவரிலேயே போல்டு. இவர்கள் தோற்றது 22 ரன்னில்.

“அஞ்சு ரன்னு சித்தப்பா” என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்தான். போன் மறுபடி சிணுங்கியது. ஸ்டிக்கர்தான்.