7.12-க்குக் கரண்ட் போனால்…

ஜூலை மாதத்துச் சனிக்கிழமை, இரவு 7 மணி. மயிலாடுதுறையில் ஒரு வீட்டு மாடியறையில் இருந்து கர்நாடக இசை சொல்லித்தருகிற ஆசிரியை ஒருவரை நினைத்துக்கொள்வோம். திரையில் ஆறு பிள்ளைகள். மூன்று பேர் லண்டன், இரண்டு பேர் நியூஜெர்சி, ஒரு மாணவி கோயம்புத்தூர். லண்டனில் அப்போது பிற்பகல் 2.30, நியூஜெர்சியில் காலை 9.30. சரளி வரிசை முடிந்து ஜண்டை வரிசை தொடங்குகிற நேரம். மணி 7.12. மின்விசிறி தளர்ந்து நிற்கிறது, வைஃபை பெட்டியின் விளக்குகள் அணைகின்றன. மடிக்கணினி மட்டும் பேட்டரியில் எரிந்துகொண்டிருக்கிறது. அதில் ஆறு முகங்களும் அப்படியே உறைந்து நிற்கின்றன.

ஆசிரியைக்கு நடந்தது தெரியும். பிள்ளைகளுக்குத் தெரியாது. அவர்கள் திரையில் ஆசிரியையின் முகம்தான் உறைந்திருக்கிறது. இணையம் போனது யார் வீட்டில் என்பதை அந்தப் படம் சொல்வதில்லை. ஒரு வீட்டில் அப்பா ரௌட்டரை அணைத்துப் போடுகிறார், இன்னொரு வீட்டில் செயலியிலிருந்து வெளியேறி மறுபடி நுழைகிறார்கள். கால்மணி நேரம் இப்படியே போகிறது. வகுப்பைத் தள்ளிவைக்கும் செய்தி சீக்கிரம் போக வேண்டியது இதற்காகத்தான். புதிய நேரம் எது என்பது பிறகு தெரிந்தால் போதும். கோளாறு ஆசிரியை வீட்டில் என்பதும் இனிக் காத்திருக்க வேண்டாம் என்பதும் முதல் சில நிமிடங்களிலேயே தெரிய வேண்டும்.

ஆகவே இதை ஒரே செய்தியில் முடிக்கப் பார்க்காமல் இரண்டாகப் பிரிப்பது நல்லது. முதல் செய்தி காத்திருப்பவர்களை எழுப்பி அனுப்ப. இரண்டாவது செய்தி புதிய நேரத்தைச் சொல்ல. பலர் இரண்டையும் ஒன்றாக்கப் பார்க்கிறார்கள். அதனால் நேரம் முடிவாகும் வரை எதுவும் அனுப்பாமல் இருக்கிறார்கள், அல்லது அவசரத்தில் காப்பாற்ற முடியாத ஒரு நேரத்தைச் சொல்லிவிடுகிறார்கள்.

முதல் செய்தியை எழுதுவது எளிது, போய்ச் சேர்ப்பதுதான் கடினம். தெருவில் கரண்ட் போனதும் அதுவரை வைஃபையில் இருந்த அத்தனை கைப்பேசிகளும் ஒரே நேரத்தில் அருகிலுள்ள செல்கோபுரத்தின் டேட்டாவுக்குத் தாவுகின்றன. கோபுரம் பேட்டரியிலோ ஜெனரேட்டரிலோ ஓடிக்கொண்டிருக்கலாம். நெரிசலில் டேட்டா திணறுகிறது. ஆசிரியை வாட்ஸப் குழுவில் எழுதி அனுப்புகிறார். செய்திக்கு அருகே சின்னக் கடிகாரப் படம் நின்றால் அது கைப்பேசியை விட்டே கிளம்பவில்லை என்று பொருள். ஒற்றை டிக் வந்தால் நிறுவனத்தின் சர்வருக்குப் போய்விட்டது. இரட்டை டிக் வந்தால்தான் எதிர்முனைக் கைப்பேசியில் இறங்கியிருக்கிறது. குழுவுக்கு அனுப்பும்போது எல்லோரிடமும் சேர்ந்த பிறகே இரட்டை டிக் விழும். அனுப்பியதும் கைப்பேசியைக் கீழே வைத்துவிடுகிறவர்கள் இந்தக் கடிகாரத்தைக் கவனிப்பதில்லை.

அந்தக் கடிகாரத்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. கிளம்பாத செய்தி வரிசையில் காத்திருந்து, சிக்னல் வந்ததும் தானே போகும். ‘பத்து நிமிடத்தில் வந்துவிடுவேன்’ என்று 7.14-க்கு எழுதியது 8.05-க்குப் போய்ச் சேர்ந்தால், படிப்பவர் 8.15 வரை திரை முன் உட்கார்ந்திருப்பார். ‘பத்து நிமிடத்தில்’, ‘கொஞ்ச நேரத்தில்’ என்ற சொற்களுக்குப் பதில் ‘7.30 வரை பாருங்கள், அதற்குள் வராவிட்டால் இன்று வகுப்பு இல்லை’ என்று கடிகார நேரத்தை எழுதினால், செய்தி எப்போது போனாலும் பொருள் மாறாது.

டேட்டா படுத்துவிட்ட நேரத்திலும் பழைய எஸ்.எம்.எஸ். பல சமயம் போய்விடும். அதற்கு இணையத் தொடர்பு தேவையில்லை. கைப்பேசியும் வலையமைப்பும் அழைப்புகளை ஏற்பாடு செய்யத் தமக்குள் பேசிக்கொள்ளும் வழியிலேயே அது பயணம் செய்கிறது. ஆனால் தமிழில் எழுதுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸுக்கு 160 குறிகள் இடம் உண்டு. தமிழில் 70 மட்டுமே. அதிலும் புள்ளியும் கால்-கொம்புகளும் தனித்தனிக் குறிகளாகக் கணக்காகும். ‘மின்தடை’ என்ற நான்கெழுத்துச் சொல்லுக்கு ஏழு குறிகள் போய்விடும். 70-ஐத் தாண்டினால் செய்தி துண்டுகளாகப் பிரிந்து போய் எதிர்முனையில் ஒட்டப்படும். சிக்னல் மோசமான நேரத்தில் ஒரு துண்டு தவறினாலும் முழுச் செய்தி தாமதமாகும். ஆகவே ஒரே துண்டில் அடங்குவது பாதுகாப்பு:

‘மின்தடை. இன்று வகுப்பு இல்லை. புதிய நேரம் 9 மணிக்குள் சொல்வேன்.’

இதில் இடைவெளியும் புள்ளியும் சேர்த்து 63 குறிகள். காரணம், முடிவு, அடுத்த தகவல் எப்போது என்ற மூன்றும் இருக்கின்றன. மன்னிப்பும் விளக்கமும் இரண்டாவது செய்தியில் வரட்டும். இதைக் கரண்ட் இருக்கிற நாளிலேயே எழுதிக் கைப்பேசியில் சேமித்து வைத்தால், இருட்டில் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை.

லண்டனுக்கும் நியூஜெர்சிக்கும் தனித்தனியே எஸ்.எம்.எஸ். அனுப்புவது செலவு, அவை போய்ச் சேருமா என்பதிலும் உறுதி கிடையாது. நம் ஆசிரியை அதை ஒரே ஆளுக்கு அனுப்புகிறார்: கோயம்புத்தூர் மாணவியின் அம்மா. ஆண்டுத் தொடக்கத்திலேயே அவரிடம் பேசி வைத்திருக்கிறார். “அக்கா, இங்க கரண்ட் போச்சுன்னா உங்களுக்கு ஒரு மெசேஜ் போடுவேன். அதை அப்படியே குழுவுல போட்டுடுங்க.” அந்த அம்மா வீட்டில் வைஃபை ஓடிக்கொண்டிருக்கிறது, மகளும் அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். 7.15-க்கு எஸ்.எம்.எஸ். வருகிறது, 7.16-க்குக் குழுவில் விழுகிறது. நான்கு நிமிடத்தில் ஆறு வீடுகளுக்கும் தகவல் போய்விட்டது.

இனி இரண்டாவது செய்தி. அதற்குக் கரண்ட் எப்போது வரும் என்ற மதிப்பீடு வேண்டும், அந்த மதிப்பீட்டுக்குக் காரணம் தெரிய வேண்டும். முதலில் ஜன்னல் வழியே பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தால் கோளாறு நம் வீட்டு ஃபியூஸிலோ டிரிப்பரிலோ இருக்கலாம், ஐந்து நிமிடத்தில் சரியாகக்கூடும். தெருவில் சில வீடுகளில் மட்டும் இருட்டு என்றால் ஒரு ஃபேஸ் போயிருக்கலாம். தெருவே இருட்டு என்றால் டிரான்ஸ்ஃபார்மரோ அதற்கு மேலுள்ள ஃபீடரோ. அப்போது ஊகிப்பதை விட்டுவிட்டுக் கேட்பதுதான் வழி. தமிழ்நாட்டில் 2021 ஜூனில் தொடங்கிய மின்னகம் சேவை மையம் 94987 94987 என்ற எண்ணில் இரவும் பகலும் இயங்குகிறது. மின் இணைப்பு எண்ணைச் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் அதையும் கைப்பேசியில் பதிந்து வைப்பது நல்லது.

கரண்ட் இருக்கிறது, இணையம் மட்டும் இல்லை என்றால் ஃபைபர் இணைப்புப் பெட்டியில் LOS என்று எழுதிய விளக்கைப் பார்க்க வேண்டும். அது சிவப்பாக மின்னினால் கண்ணாடி இழை வழியே வரவேண்டிய ஒளி வரவில்லை. பெரும்பாலும் எங்கோ இழை அறுந்திருக்கிறது அல்லது மடங்கியிருக்கிறது. பெட்டியை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயன் இல்லை. ஆள் வந்து இழையை ஒட்டவைக்க வேண்டும், அன்று மாலைக்குள் நடக்கும் என்று நம்பி யாருக்கும் நேரம் சொல்லக் கூடாது. ரௌட்டருக்கு வாங்கி வைக்கும் சிறிய யு.பி.எஸ். கரண்ட் போகும்போது கைகொடுக்கும், இழை அறுந்தால் உதவாது. சில ஊர்களில் கேபிள்காரரின் பெட்டி தெருமுனை மின்சாரத்திலேயே ஓடும். அங்கே வீட்டில் யு.பி.எஸ். இருந்தும் இணையம் போய்விடும்.

மின்னகத்தில் கேட்டதில் ஃபீடரில் பழுது என்று தெரிகிறது. ஆசிரியை அன்றைய வகுப்பைக் கைவிட்டு மறுநாளைப் பார்க்கிறார். ‘நாளை காலை 7.30’ என்று எழுதக் கை போகிறது. இந்திய ஞாயிறு காலை 7.30 லண்டனில் விடியற்காலை 3 மணி. நியூஜெர்சியில் அது இன்னும் சனி இரவு 10 மணி. அங்கே சனி காலையில் ‘நாளை’ என்று படிப்பவர் ஞாயிறு காலை பிள்ளையைத் திரை முன் உட்கார வைப்பார், வகுப்போ முந்திய இரவே முடிந்திருக்கும். பல நாட்டுப் பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ‘நாளை’ என்ற சொல்லே ஆபத்து. ‘12/7’ என்ற எண்களும் அப்படித்தான்: நமக்கு ஜூலை 12, அமெரிக்கருக்கு டிசம்பர் 7. மாதத்தையும் கிழமையையும் எழுத்தில் எழுத வேண்டும்.

கடிகார நேரத்தை மாற்றாமல் நாளை மட்டும் மாற்றுவது எல்லோருக்கும் எளிது. ஆசிரியை அதைத்தான் செய்கிறார். 8.40-க்கு அவர் அனுப்பியது:

‘மன்னிக்கவும், எங்கள் பகுதியில் மின்தடை. இன்று விட்டுப்போன 48 நிமிட வகுப்பு ஜூலை 12, ஞாயிறு, இந்திய நேரம் இரவு 7.00-க்கு (லண்டன் பிற்பகல் 2.30, நியூஜெர்சி காலை 9.30). பழைய இணைப்பிலேயே வரலாம். வர முடியாதவர்கள் இன்றே சொல்லுங்கள், வேறு நேரம் பார்ப்போம்.’

‘48 நிமிடம்’ என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. பன்னிரண்டு நிமிடம் ஏற்கெனவே நடந்துவிட்டது. மிச்சம் மட்டுமா, முழு வகுப்பா என்று சொல்லாவிட்டால் கட்டணம் கொடுப்பவர்கள் மனத்தில் அந்தக் கேள்வி தங்கிவிடும். ‘பழைய இணைப்பிலேயே’ என்ற சொல்லும் வேண்டும், இல்லையென்றால் ஆறு வீடுகளிலிருந்து ஆறு கேள்விகள் வரும். இணையக் காலண்டரில் வகுப்பைப் பதிந்திருப்பவர்கள் பழைய பதிவை அழித்துப் புதிது போடாமல், அதையே புதிய நேரத்துக்கு நகர்த்தலாம். அழைக்கப்பட்டவர்களுக்குத் திருத்தம் போகும், அவரவர் ஊர் நேரத்தில் காட்டும்.

முன்பே தெரிந்த மின்வெட்டுக்கு இவ்வளவு பாடு இல்லை. தமிழ்நாட்டில் பராமரிப்புப் பணிக்காகப் பகலில் செய்யும் மின்நிறுத்தம் முன்கூட்டியே நாளிதழ்களில் வருகிறது. இலங்கையில் 2022-ல் எரிபொருள் இல்லாமல் மார்ச் 31 அன்று 13 மணி நேரம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டபோதுகூட, ஆங்கில எழுத்துகளால் பிரித்த பகுதிகளுக்கு நேர அட்டவணை வந்துகொண்டிருந்தது. அட்டவணை கையில் இருந்தால் வகுப்பு நேரத்தை முந்திய நாளே மாற்றலாம். புயல் நேரம் வேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னையில் தண்ணீர் தேங்கிய இடங்களில் பாதுகாப்புக்காகவே மின்சாரத்தை நிறுத்தினார்கள், பல இடங்களில் கைப்பேசி சிக்னலும் போனது. வெள்ளம் வடியாமல் கரண்ட் வராது. அந்த மாதிரி நாட்களில் புதிய தேதி சொல்லாமல், ‘மறுபடி தகவல் வரும் வரை வகுப்பு இல்லை’ என்று எழுதுவதே நேர்மை.

மயிலாடுதுறையில் அன்று இரவு 10.20-க்குக் கரண்ட் வந்தது. ஆசிரியை மறுநாள் மாலை 6.30-க்கே பெட்டியின் விளக்குகளைப் பார்த்துவிட்டுக் குழுவில் எழுதினார்: ‘கரண்டும் நெட்டும் இருக்கிறது. 7.00-க்கு ஜண்டை வரிசையிலிருந்து தொடங்குகிறோம்.’ கொஞ்ச நேரத்தில் அந்தச் செய்திக்கு இரட்டை டிக் விழுந்தது.