கேட் பாஸில் யார் பெயர்?

துவாக்குடியில் ஒரு பைப் வெல்டர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் அவருக்குப் போன் வருகிறது. "மணலியில ஷட்டவுன் வேலை இருக்கு தம்பி, நாளைக்கு 1,200 ரூபா, நாளன்னைக்கே கிளம்பணும்" என்கிறார் மேஸ்திரி. அதே வாரம் இன்னொருவர் 960 ரூபாய்க்குக் கூப்பிடுகிறார். யாரிடம் போவது?

எத்தனை மணி நேர வேலை என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கும் ஷட்டவுன் காலத்தில் 12 மணி நேரம் நிற்பது வழக்கம். 1,200 என்பது அந்த 12 மணிக்கும் சேர்த்தா? அப்படியானால் மணிக்கு 100 ரூபாய்தான். இரண்டாமவர் சொன்ன 960 ரூபாய் 8 மணிக்கு என்றால் மணிக்கு 120. மீதி 4 மணிக்கு ஓவர்டைம் சிங்கிளாகக் கொடுத்தாலே நாளுக்கு 1,440 ஆகிவிடும். சட்டப்படி தரவேண்டிய இரட்டிப்புக் கூலியைக் கொடுத்தால் 1,920. போனில் குறைவாகக் கேட்ட கூலிதான் கையில் அதிகமாக வருகிறது.

அடுத்துக் கேட்க வேண்டியது, வேலை இல்லாமல் நிற்கும் நாள்களைப் பற்றி. சுத்திகரிப்பு ஆலைக்குள் ஹாட் ஒர்க் பெர்மிட் வராமல் யாரும் டார்ச் பிடிக்க முடியாது. மெடிக்கல், பாதுகாப்புப் பயிற்சி, கேட் பாஸ் என்று முதல் இரண்டு மூன்று நாள் இப்படியே கழியலாம். அந்த நாள்களுக்குக் கூலி உண்டா? வெல்டிங் டெஸ்டில், அதிலும் சாய்ந்து நிற்கும் பைப்பைச் சுற்றிப் பற்றவைக்கும் 6ஜி டெஸ்டில், எக்ஸ்ரேயில் குறை தெரிந்தால் ஊர் திரும்பும் செலவு யாருடையது? ரூம், சாப்பாடு, சேஃப்டி ஷூ இவற்றுக்குப் பிடித்தம் உண்டா? இவற்றையெல்லாம் கேட்டுவிட்டு, மேஸ்திரி சொன்ன பதிலை அப்படியே எழுதி அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம். "அண்ணே, நீங்க சொன்னது இதுதானே, சரியா?" என்று கேட்டு, அவர் "சரி" என்று போட்டால் போதும். அது முழு ஒப்பந்தம் ஆகாது. ஆனாலும் பின்னால் பேச்சு மாறினால் காட்டுவதற்குக் கையில் ஒன்று இருக்கும்.

இவற்றைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு: "கேட் பாஸ் எந்தக் கம்பெனி பேர்ல வரும்?"

ஆலைக்கும் வெல்டருக்கும் நடுவில் பெரிய ஒப்பந்ததாரர், அவருக்குக் கீழே சப் கான்ட்ராக்டர், அவருக்கும் கீழே மேஸ்திரி என்று பல கைகள் இருக்கும். வேலைக்குக் கூப்பிட்ட மேஸ்திரியின் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது. அவர் போனை அணைத்துவிட்டால் கூலி கேட்க ஆள் இல்லை. ஆலையின் பதிவேட்டில் நீங்கள் யாருடைய ஆள் என்று சொல்வது கேட் பாஸ்தான். ஒப்பந்ததாரர் கூலி கொடுக்காமல் விட்டால் ஆலை நிர்வாகம் அதைக் கொடுத்துவிட்டு அவரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த உரிமையைக் கேட்க, அங்கே வேலை பார்த்ததற்குச் சான்று வேண்டும். வேலை முடிந்ததும் பாஸைத் திருப்பி வாங்கிவிடுவார்கள். அதனால் கைக்கு வந்த நாளே அதை இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிவையுங்கள். எந்தத் தேதியில் எத்தனை மணி வேலை என்று ஒரு சின்ன நோட்டில் தினமும் எழுதிவாருங்கள்.

கேட் பாஸில் உள்ள பெயரும் பி.எஃப். பாஸ்புக்கில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு மாதத்துக்கான பி.எஃப். பணத்தை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். அதற்குச் சில நாள் கழித்து உமங் செயலியில் பார்த்தால் தெரிந்துவிடும். தொழிலாளியிடம் பிடிக்க வேண்டியது 12 சதவீதம் மட்டுமே. 15,000 ரூபாய்க்குக் கணக்கிட்டால் 1,800. "கம்பெனி பங்கும் உன் கூலியிலதான்" என்று சொல்லி 3,600 பிடித்தால் அது சட்டவிரோதம். பிடித்த பணம் பாஸ்புக்கில் ஏறாவிட்டால், இரண்டாம் மாதம் வரை பொறுத்திருக்காமல் உடனே கேட்க வேண்டும்.

எலக்ட்ரீஷியன்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. வயர்மேன் சான்றிதழையோ ஐ.டி.ஐ. சான்றிதழையோ காட்டலாம், நகல் கொடுக்கலாம். அசலை ஒப்பந்ததாரரிடம் விட்டுவிடக் கூடாது. அசல் அவர் பெட்டியில் இருக்கும்வரை பாக்கிக் கூலியைக் கேட்க வாய் வராது, வேறு வேலைக்கும் போக முடியாது.

பேசிப் பார்த்தும் பணம் வராவிட்டால், முதலில் கேட் பாஸில் உள்ள ஒப்பந்ததாரருக்கும் ஆலை நிர்வாகத்துக்கும் எழுத்தில் கொடுங்கள். அதற்கும் பதில் இல்லை என்றால், தனியார் தொழிற்சாலையில் நடந்த வேலைக்கு மாநிலத் தொழிலாளர் துறையை அணுகலாம். மத்திய அரசு நிறுவனத்தின் ஆலை என்றால் மத்தியத் தொழிலாளர் ஆணையர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். அங்கே முதலில் கேட்கப்படுவது, யாரிடம் எத்தனை நாள் வேலை பார்த்தீர்கள் என்பதுதான். அந்த போட்டோவும் நோட்டும் இருந்தால், மேஸ்திரியின் போன் அணைந்திருந்தாலும் பதில் சொல்ல முடியும்.