மறைக்கல்வி டீச்சர் வீட்டுக்கு அனுப்பும் கடிதம்

ஞாயிறு காலை ஏழு மணிப் பூசை முடிந்ததும் பெரியவர்கள் கோயில் வாசலில் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். பிள்ளைகள் பக்கத்திலிருக்கும் பள்ளிக்கூடத்துக்கோ பங்கு மன்றத்துக்கோ போய் வகுப்பு வகுப்பாக உட்காருவார்கள். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கப் பங்குகள் பலவற்றில் மறைக்கல்வி இப்படித்தான் நடக்கிறது. சொல்லித் தருபவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காதவர்கள்: கல்லூரி மாணவிகள், வேலைக்குப் போகும் பெண்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், சில இடங்களில் அருட்சகோதரிகள். ஆண்டுக்கு ஒருமுறையாவது அவர்கள் பெற்றோருக்கு ஒரு கடிதம் எழுதியாக வேண்டிய நிலை வரும். வருகை குறைந்திருக்கும், வகுப்பில் சத்தம் கூடியிருக்கும், தேர்வும் நெருங்கியிருக்கும்.

மூன்றையும் ஒரே மூச்சில் கண்டிப்பாக எழுதி, கடைசியில் “தேர்வில் தேறாதவர்களுக்கு முதல் நற்கருணை இல்லை” என்று முடிக்கும் கடிதங்கள் உண்டு. அந்தக் கடைசி வரியை எழுதும் அதிகாரம் ஆசிரியருக்குக் கிடையாது. கடிதம் வேலை செய்ய வேண்டுமானால் இதைப் புரிந்துகொண்டே தொடங்க வேண்டும்.

முதலில் வருகை. வகுப்புகள் ஜூனில் தொடங்கி ஏப்ரல் நடுவில் முடிகின்றன என்று வைத்துக்கொள்வோம். இடையில் ஏறக்குறைய 45 ஞாயிறுகள். பங்குத் திருவிழா, கிறிஸ்துமஸ் விடுமுறை, காலாண்டு அரையாண்டு விடுமுறைகள், குருத்து ஞாயிறு, உயிர்ப்புப் பெருவிழா ஆகியவற்றைக் கழித்தால் 35 வகுப்புகள் மிஞ்சினாலே பெரிது. ஒரு வகுப்பு 45 நிமிடம் என்றால் ஆண்டு முழுவதற்கும் சேர்த்து 26 மணி நேரம்தான். பள்ளிக்கூட நேரத்தோடு ஒப்பிட்டால் இது ஐந்து நாள் பாடம். இந்தக் கணக்கைப் பெற்றோர் யாரும் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். “அடுத்த வாரம் போனால் போகிறது” என்ற பேச்சு வருவதும் அதனால்தான். கடிதத்தின் முதல் பத்தியில் இந்த 26 மணி நேரத்தைச் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும்.

மீதி வேலை வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. வராத நாள்களைக் கூட்டி எண்ணிக்கையை மட்டும் சொல்வதைவிட, அவை எந்த நாள்கள் என்று பார்ப்பது நல்லது. ஒரு பிள்ளை ஒன்றுவிட்டு ஒரு வாரம் வரவில்லையா? அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஷிப்ட் மாறும் வேலையாக இருக்கலாம். தொடர்ந்து இரண்டு மாதம் வரவில்லையா? டியூஷன் ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியிருக்கும், அல்லது வீட்டில் நோயாளி இருப்பார். எல்லா வாரமும் வந்தும் பிந்தி வருகிறதா? வகுப்பின் முதல் கால் மணி நேரத்தில்தான் செபங்களைச் சேர்ந்து சொல்லிப் பழகுகிறார்கள். அந்தப் பிள்ளைக்கு வருகை முழுதாக இருந்தும் செபம் மட்டும் வராமல் போகும்.

நான்காம் வகுப்புப் பிள்ளை ஒன்றுக்கான கடிதத்தை எடுத்துக்கொள்வோம். மார்ச்சில் தேர்வு, கடிதம் போவது ஜனவரிக் கடைசியில். அதில் இப்படி எழுதலாம்: “ஜூன் முதல் இதுவரை 25 வகுப்புகள் நடந்திருக்கின்றன. உங்கள் மகள் 15 வகுப்புகளுக்கு வந்திருக்கிறாள். வராத பத்தில் ஆறு, ஆகஸ்ட் செப்டம்பரில். அந்த நேரத்தில்தான் பத்துக் கட்டளைகளை நடத்தினோம். அந்தப் பாடம் அவளிடம் நிற்கவில்லை. பிப்ரவரியில் இரண்டு ஞாயிறு வகுப்பு முடிந்ததும் அரை மணி நேரம் அவளை விட்டுவைத்தால் நான் சொல்லித் தருகிறேன்.” இதில் திட்டு எதுவும் இல்லை. குறை எங்கே, அதற்கு என்ன வழி என்று தாய் ஒரு தடவை படித்ததும் தெரிந்துகொள்வார். “உங்கள் பிள்ளையின் வருகை திருப்திகரமாக இல்லை” என்ற வரியைப் படித்துவிட்டு அவரால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

அடுத்தது நடத்தை. இதில் கவனிக்கப்படாத காரணம் ஒன்று உண்டு: பசி. நற்கருணை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு எதுவும் உண்ணக் கூடாது என்பது இன்றைய திருச்சபைச் சட்டம். முன்பு நள்ளிரவிலிருந்தே நோன்பு இருந்தது. அந்தப் பழக்கத்தின் மிச்சமாகப் பல வீடுகளில் பூசை முடியும்வரை யாரும் சாப்பிடுவதில்லை. முதல் நற்கருணையே வாங்காத பிள்ளைக்கு இந்த நோன்பு பொருந்தாது, ஆனாலும் வீட்டோடு சேர்ந்து அதுவும் பட்டினியாகத்தான் வருகிறது. ஆறரை மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பிய எட்டு வயதுப் பிள்ளை ஒன்பது மணிக்கு பெஞ்சில் நெளிந்துகொண்டிருக்கிறது என்றால் அதன் குணத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. எந்த நேரத்தில் சத்தம் கூடுகிறது என்று இரண்டு மூன்று வாரம் கவனித்தால் ஆசிரியருக்கே விளங்கும். வகுப்பின் கடைசி இருபது நிமிடத்தில்தான் கலாட்டா என்றால், கடிதத்தில் கேட்க வேண்டியது ஒரு வாழைப்பழமும் இரண்டு பிஸ்கட்டும்தான்.

பசியால் வராத தொந்தரவுகளும் உண்டு: செல்போன் கொண்டுவருவது, தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லி மைதானத்துக்குப் போய்விடுவது, ஒரு பிள்ளையைப் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவது. பொதுக் கடிதத்தில் இவற்றை நடந்தபடியே எழுத வேண்டும். ஆனால் எந்தப் பிள்ளையின் பெயரும் அதில் வரக் கூடாது. பங்கு என்பது எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த இடம். ஒரு பெயர் எழுத்தில் வந்தால் அன்று மாலைக்குள் அது அன்பியக் கூட்டத்துப் பேச்சாகிவிடும். பட்டப்பெயர் வைத்தவனின் வீட்டுக்கு ஆசிரியர் நேரில் போவதுதான் முறை.

“அடிச்சுச் சொல்லிக் குடுங்க டீச்சர், நாங்க எதுவும் கேக்க மாட்டோம்” என்று பெற்றோர் நம்பிக்கையோடு சொல்வதுண்டு. கடிதம் அதற்கும் பதில் சொல்லிவிட வேண்டும். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், பள்ளியில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் 17ஆம் பிரிவில் தடை செய்கிறது. ஞாயிறு வகுப்பு பள்ளி இல்லைதான். ஆனால் தம் பொறுப்பில் இருக்கும் பிள்ளையை யார் கொடுமைப்படுத்தினாலும் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் அது குற்றம். “வகுப்பில் யாரையும் அடிக்க மாட்டோம், முட்டி போட வைக்க மாட்டோம்” என்று ஒரு வரி எழுதிவிட்டால் பெற்றோருக்கும் தெளிவு, புதிதாக வந்த இளம் ஆசிரியருக்கும் தெளிவு.

இனி தேர்வு. செபங்கள், நம்பிக்கை அறிக்கை, பத்துக் கட்டளைகள், ஏழு அருளடையாளங்கள், நற்செய்திக் கதைகள் என்பவற்றிலிருந்துதான் சிறு வகுப்புகளுக்குக் கேள்வி வரும். பாடப் பட்டியலை மட்டும் அனுப்பினால் இரண்டு இடத்தில் பிள்ளை தடுக்கி விழுகிறது. வீட்டில் பாட்டியிடம் செபம் கற்ற பிள்ளை பழைய வடிவத்தைச் சொல்லும், வகுப்பில் நடப்பது புதிய வடிவம். பாதியில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவி, பயந்து நிறுத்திவிடும். எந்த வடிவத்தில் சொன்னாலும் முழு மதிப்பெண் உண்டு என்று கடிதத்திலேயே எழுதிவிட்டால் அந்தப் பயம் போய்விடும், பாட்டிக்கும் மரியாதை. இன்னொன்று, ஆங்கில வழிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள். கேட்டால் மணிமணியாகப் பதில் சொல்வார்கள், தமிழில் எழுதச் சொன்னால் நாலு வரி தாண்டாது. அந்தத் தாளைத் திருத்தினால் தெரிவது அவர்களுடைய தமிழ் எழுத்துதான். மறைக்கல்வி எவ்வளவு வந்திருக்கிறது என்பது தெரியாது. “எழுதச் சிரமப்படும் பிள்ளைகளிடம் வாய்மொழியாகக் கேட்போம், முன்கூட்டியே சொல்லுங்கள்” என்ற வரி அவர்களுக்கானது.

பெற்றோர் பலரும் வாய்விட்டுக் கேட்காத கேள்விக்கு இப்போது வரலாம். தேறாவிட்டால் என்ன ஆகும்?

1910 ஆகஸ்டில் திருத்தந்தை பத்தாம் பயஸ் வெளியிட்ட ஆணை, முதல் நற்கருணைக்கான வயதை ஏறக்குறைய ஏழுக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்பு பல நாடுகளில் பிள்ளைகளைப் பத்து, பன்னிரண்டு வயதுவரைகூடக் காக்க வைத்திருந்தார்கள். மறைக்கல்வி முழுவதும் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்றும் அந்த ஆணை வெளிப்படையாகச் சொன்னது. இன்று நடப்பில் இருக்கும் 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் 913ஆம் எண், பிள்ளை தன் வயதுக்கு ஏற்றபடி கிறிஸ்துவின் மறைபொருளைப் புரிந்துகொண்டு, நம்பிக்கையோடும் பக்தியோடும் வாங்கக்கூடியதாக இருந்தால் போதும் என்கிறது. அடுத்த எண், பிள்ளையைத் தயார்ப்படுத்தும் கடமை முதலில் பெற்றோருக்கு, பிறகு பங்குத்தந்தைக்கு என்கிறது. தயாராகாத பிள்ளை முன்வராதபடி பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் பங்குத்தந்தையுடையது. நூற்றுக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண் எங்கும் குறிக்கப்படவில்லை.

அப்படியானால் தேர்வு எதற்கு? எந்தப் பிள்ளைக்கு எது வரவில்லை என்று ஆசிரியர் தெரிந்துகொள்வதற்கு. 28 மதிப்பெண் வாங்கிய பிள்ளையிடம் சாமியார் தனியாகப் பேசிப் பார்க்கும்போது, அப்பத்தில் யார் இருக்கிறார் என்று அது தெளிவாகச் சொல்லலாம். 90 வாங்கிய பிள்ளை மனப்பாடத்துக்கு அப்பால் ஒன்றும் சொல்ல முடியாமல் நிற்கலாம். ஆகவே கடிதத்தில், “35க்குக் கீழே வாங்குபவர்களை இரண்டு வாரம் கழித்து மறுபடி வாய்மொழியாகக் கேட்போம், நற்கருணை பற்றிய முடிவைப் பங்குத்தந்தை பெற்றோரோடு பேசி எடுப்பார்” என்று எழுதுவதுதான் சரி. அனுப்புமுன் சாமியாரிடம் காட்டி அவருடைய கையெழுத்தையும் வாங்கிவிட வேண்டும்.

பெற்றோரைச் சேர்த்துக்கொண்டு சொல்லித் தருவது இந்தக் கரையில் புதிதில்லை. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், தமிழ் தெரிந்தவர்களின் உதவியோடு செபங்களைத் தமிழில் அமைத்து, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். கற்றதை வீட்டில் தாய் தகப்பனுக்குச் சொல்லிக்கொடுக்கும்படி பிள்ளைகளிடம் கேட்டதை 1544இல் எழுதிய கடிதத்தில் அவரே குறிப்பிடுகிறார். இன்றைக்கும் அதையே செய்யலாம். வாரம் ஒரு செபத்தைப் பிள்ளை வீட்டில் இரவுச் செபத்தின்போது முன்னின்று சொல்லட்டும் என்று கடிதத்தில் கேட்டால், தனியாகப் பாடம் படிக்க வைக்கத் தெரியாத பெற்றோரும் தேர்வுக்குத் தயார்ப்படுத்தியவர்களாகிவிடுவார்கள்.

கடிதம் போக வேண்டியது தேர்வுக்கு ஆறு வாரம் முன்பு. ஒரு வாரம் முன்பு போனால் பதற்றம் மட்டுமே மிஞ்சும், விட்டுப்போன பாடத்தைப் பிடிக்க நேரம் இருக்காது. வாட்ஸாப்பில் போட்டாலும் அச்சிட்ட தாளும் போகட்டும், வருகைக் கணக்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் கையால் எழுதப்படட்டும். அடியில் கிழித்துத் தரும் ஒரு துண்டு இருக்க வேண்டும். அதில் பெற்றோர் கையெழுத்து, வாய்மொழித் தேர்வு வேண்டுமா என்ற கட்டம், ஞாயிறு வர முடியாததற்குக் காரணம் எழுத இரண்டு வரி இடம். காரணத்தைக் கேட்டுவிட்டுப் பதிலைக் கண்டுகொள்ளாமல் விட்டால் அடுத்த முறை யாரும் எழுத மாட்டார்கள். மூன்று நான்கு வீடுகளிலிருந்து “ஞாயிறு காலை சந்தையில் கடை” என்று வந்தால், அந்தப் பிள்ளைகளுக்குச் சனி மாலை வகுப்பு வைக்க முடியுமா என்று சாமியாரிடம் பேச வேண்டும். இரண்டு ஞாயிறு ஆகியும் துண்டு வராத வீடுகளின் பெயர்களை அந்தந்த அன்பியப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிட்டு, அவரோடு சேர்ந்து ஆசிரியர் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.