பழைய விலையில் ஒரு புதிய சோதனை: கிரிப்டோ பிரேக்கவுட் விதியை நம்புவது எப்போது?

கடந்த 20 நாட்களின் உச்ச விலையைத் தாண்டி இன்றைய வர்த்தகம் முடிந்தால் வாங்க வேண்டும். கடந்த 10 நாட்களின் அடிமட்ட விலைக்குக் கீழே முடிந்தால் விற்றுவிட்டு வெளியேற வேண்டும். பிரேக்கவுட் விதிகளில் இதைவிட எளிமையானது கிடையாது. அமெரிக்கத் தரகர் ரிச்சர்ட் டோன்சியன் இந்த வழியைப் பரப்பினார். 1983-இல் சிகாகோ வணிகர் ரிச்சர்ட் டென்னிஸ், தாம் பயிற்றுவித்த 'டர்டில்ஸ்' குழுவுக்குக் கொடுத்த விதிகளுள் ஒன்று இதே 20, 10 கணக்கில் அமைந்தது. பிட்காயின் பிறந்தது 2009-இல். அதாவது இந்த இரண்டு எண்களும் கிரிப்டோ விலைகளைப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுக்கப்பட்டவை அல்ல. பழைய விலைகளில் விதியை ஓட்டிப் பார்க்கும் பேக்டெஸ்டுக்கு இது நல்ல தொடக்கம்.

முதல் வேலை தரவு. பைனான்ஸ் பரிவர்த்தனைத் தளத்தில் பிட்காயினின் டாலர் விலை (BTCUSDT) 2017 ஆகஸ்ட் முதல் நாள்வாரியாகக் கிடைக்கிறது. தொடக்கம், உச்சம், அடிமட்டம், முடிவு என ஒரு நாளுக்கு நான்கு விலைகள். கிரிப்டோ சந்தை இரவு பகல் மூடுவதில்லை. அதனால் 'நாள் முடிவு' என்பது தளம் வைத்துக்கொண்ட ஓர் எல்லைதான். பைனான்ஸில் அது கிரீன்விச் நள்ளிரவு, இந்திய நேரம் காலை 5.30.

விதியை நிரலாக எழுதினால் நான்கு வரிகள்:

```python
hi20 = df["high"].rolling(20).max().shift(1)
lo10 = df["low"].rolling(10).min().shift(1)
buy  = df["close"] > hi20
sell = df["close"] < lo10
```

`shift(1)` இல்லாவிட்டால் இன்றைய உச்சமும் 20 நாள் உச்சத்துக்குள் சேர்ந்துவிடும். எந்த நாளின் முடிவு விலையும் அந்த நாளின் உச்சத்தைத் தாண்ட முடியாது. ஆகவே வாங்கும் சமிக்ஞையே வராது. இந்தப் பிழை தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். ஆபத்தானது அடுத்த படியில் ஒளிந்திருக்கும் பிழை.

2020 டிசம்பர் 16-ஐ எடுத்துக்கொள்ளலாம். பிட்காயின் முதன்முறையாக 20,000 டாலரைத் தாண்டிய நாள் அது. காலையில் சுமார் 19,400 டாலரில் தொடங்கி, 21,300-க்கு அருகில் முடிந்தது. முந்தைய 20 நாட்களின் உச்சம் 20,000-க்குச் சற்றுக் கீழே இருந்ததால் வாங்கும் சமிக்ஞை உறுதி. ஆனால் அது உறுதியானது நாள் முடிந்த பிறகுதான். கையில் கிடைக்கும் விலை, மறுநாள் தொடக்கத்தின் 21,300. நிரலில் சமிக்ஞை வந்த நாளின் லாபத்தையும் சேர்த்துப் பெருக்கிவிட்டால், யாருமே சம்பாதித்திருக்க முடியாத சுமார் 10 சதவீதம் கணக்கில் ஏறிவிடும். பிரேக்கவுட் நாட்கள் இயல்பிலேயே பெரிய ஏற்ற நாட்கள் என்பதால், ஒவ்வொரு வாங்கலிலும் இந்தப் பொய் லாபம் சேரும். மூலதனக் கோடு வழுக்கலின்றி மேலே ஏறினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். சோதிப்பது சுலபம்: எல்லா வாங்கலையும் விற்றலையும் இன்னும் ஒரு நாள் தள்ளிவைத்து ஓட்ட வேண்டும். உண்மையான விதி கொஞ்சம் மங்கும். எதிர்காலத்தைப் பார்த்து ஜெயித்த விதி சரிந்து விழும்.

நிரல் சரியாக இருந்தாலும் பின்னறிவு வேறு வாசலில் நுழையும். சோதனைக்குப் பிட்காயினைத் தேர்ந்தெடுத்ததே இன்று அதன் வெற்றி தெரிந்ததால்தான். 2018 ஜனவரியில் சந்தை மதிப்பில் முன்னணியில் நின்ற பட்டியலில் நெம், ஐயோட்டா, நியோ, டேஷ் எல்லாம் இருந்தன. அன்று ஒருவர் பணம் போட்டிருந்தால் இவற்றிலும் போட்டிருப்பார். இன்றைய முதல் பத்து நாணயங்களை எடுத்து 2018 முதல் சோதிப்பவர், தோற்றவற்றை முன்கூட்டியே நீக்கிவிடுகிறார். லூனா 2022 மே மாதம் 80 டாலருக்கு மேலிருந்து ஒரே வாரத்தில் ஒரு சென்ட்டுக்கும் கீழே போனது. அது இல்லாத தரவுத் தொகுப்பில் ஓட்டிய சோதனைக்கு மதிப்பில்லை. ஒவ்வொரு ஆண்டுத் தொடக்கத்திலும் அன்று வெளியான பட்டியலையே பயன்படுத்துவது ஒன்றே வழி.

அடுத்தது எண்களைத் தேடும் ஆசை. 20-க்குப் பதில் 10 முதல் 60 வரை ஐந்தைந்தாக, 10-க்குப் பதில் 5 முதல் 30 வரை ஐந்தைந்தாக ஓட்டினால் 66 கூட்டுகள். வர்த்தக அளவுக்கு நான்கு வரம்பு, நஷ்ட நிறுத்தத்துக்கு நான்கு வரம்பு சேர்த்தால் 1,056. இத்தனையில் சிறந்த ஒன்று, பழைய இரைச்சலுக்கு அச்சாகப் பொருந்தியதாகவே இருக்கும். ஓவர்ஃபிட்டிங் என்பது இதுதான். டேவிட் பெய்லி, மார்கோஸ் லோபஸ் டி பிராடோ உள்ளிட்ட நால்வர் 2014-இல் அமெரிக்கக் கணிதக் கழக இதழில் இதற்கு ஓர் எல்லை காட்டினார்கள்: ஐந்து ஆண்டுத் தரவில் ஏறத்தாழ 45 சுயேச்சையான வடிவங்களுக்கு மேல் முயன்றால், எந்தத் திறனும் இல்லாத விதிகளிலிருந்துகூட ஷார்ப் விகிதம் 1 உள்ள ஒன்று வந்து விழும். ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிட்ட லாபத்தின் அளவான ஷார்ப்பில் 1 என்பது பலர் மெச்சும் எண். 20, 25 போன்ற பக்கத்து எண்கள் ஒன்றையொன்று ஒத்தே நடக்கும். ஆதலால் 66 கூட்டும் 66 சுயேச்சை முயற்சிகள் ஆகா. ஆயிரம் என்பதற்கு அந்தச் சமாதானம் போதாது.

ஆகவே சிகரத்தைத் தேடாமல் சமவெளியைத் தேட வேண்டும். 20 நாளில் கிடைத்த லாபம் 15-இலும் 30-இலும் ஏறக்குறைய இருந்தால் விதிக்கு அடித்தளம் உண்டு; 23-இல் மட்டும் கொட்டி, 22-இல் நஷ்டமானால் அது தற்செயல். கிரிப்டோவுக்கே உரிய இன்னொரு சோதனையைப் பலர் செய்வதில்லை. மணிவாரித் தரவிலிருந்து, நாள் எல்லையைக் காலை 5.30-க்குப் பதில் மதியமாகவோ மாலையாகவோ வைத்து நாள்வாரி விலைகளைத் திரும்பக் கட்டி, அதே விதியை ஓட்டலாம். எல்லையை மாற்றியதும் முடிவு தலைகீழானால் நம்ப ஒன்றுமில்லை. லாபம் தந்த பெரிய இரண்டு வர்த்தகங்களை நீக்கிவிட்டும் பார்க்க வேண்டும். பிரேக்கவுட் விதிகளின் மொத்த வருமானமும் பெரும்பாலும் அந்த ஒன்றிரண்டில்தான் அடங்கியிருக்கும்.

இவ்வளவையும் 2017 முதல் 2021 வரையான தரவில் மட்டும் செய்து, விதியை எழுதிப் பூட்டிவிட்டு, 2022-க்குப் பிந்தைய ஆண்டுகளில் ஒரே ஒருமுறை ஓட்டுவதே முறை. முடிவு பிடிக்காமல் எண்ணை மாற்றி மறுபடி ஓட்டினால், ஒதுக்கிவைத்த தரவும் பயிற்சித் தரவாகிவிடும். அதன் பிறகு மிஞ்சுவது, இனி வரப்போகும் நாட்கள் மட்டுமே.

கடைசியாகச் செலவு. இந்திய வாசகருக்கு இதுவே தீர்ப்பு எழுதும் இடம். பத்து வர்த்தகம் நடந்ததாகக் கொள்வோம். பிரேக்கவுட் விதிக்கு இயல்பானபடி ஏழில் தலா 5 ரூபாய் நஷ்டம், மூன்றில் தலா 20 ரூபாய் லாபம்: 60-இல் 35 போக 25 ரூபாய். 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி. ஒன்றின் நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க அனுமதியில்லை. எனவே வரி 25-க்கு அல்ல, 60-க்கு, 18 ரூபாய். மீதி 7. ஒவ்வொரு வர்த்தகமும் நூறு ரூபாய்க்கு என்றால், வாங்க 0.1, விற்க 0.1 சதவீதக் கட்டணத்தில் இன்னும் 2 ரூபாய் போய்விடும். திரையில் 25 காட்டிய விதி, கையில் தருவது 5 ரூபாய்.